முடிச்சு இல்லாத தலைப்பாகை

கைதேர்ந்த ஒரு சீக்கியர் கட்டிய தலைப்பாகையை அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே முடிச்சு எதுவும் இருக்காது. பெரும்பாலும் குண்டூசிகூட இருக்காது. ஆறு மீட்டர் பருத்தித் துணி, அவ்வளவுதான். அதைக் கட்டிக்கொண்டு லாரி ஓட்டுகிறார்கள், ஹாக்கி ஆடுகிறார்கள், ராணுவ அணிவகுப்பில் நடக்கிறார்கள். காலையில் கட்டியது இரவு அவிழ்க்கும்வரை அப்படியே நிற்கிறது.

நிற்க வைப்பது எது? துணியின் மூலைவாட்டம்.

நெய்த துணியில் பாவு நூல் நீளவாக்கில் ஓடும், ஊடை நூல் குறுக்கே ஓடும். எந்த நூலின் திசையில் இழுத்தாலும் துணி அதிகம் நீளாது. எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்தால் கதை மாறும். நூல்களுக்கு இடையிலுள்ள சின்னச் சின்னச் சதுரங்கள் சாய்சதுரங்களாகச் சரிய, துணி நீண்டு ஒடுங்கும். விட்டால் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். அப்படித் திரும்பப் பார்க்கும் துணியைத் தலையில் சுற்றினால் அது தலையைக் கவ்விப் பிடிக்கும். மேலே விழும் ஒவ்வொரு சுற்றும் கீழ்ச் சுற்றை அழுத்தும். பருத்தியோடு பருத்தி உரசிக்கொண்டு நழுவாமல் நிற்கும். தையற்காரர்கள் ரவிக்கைக்கு ‘கிராஸ் கட்’ போடுவதும் துணியின் இந்தக் குணத்தை நம்பித்தான்.

பஞ்சாபில் இதற்கென்றே விற்கும் துணிகளில் இரண்டு பிரபலம். ஒன்று ஃபுல் வாயில். மெல்லியது, இழை இடைவெளி உள்ளது, நன்றாக இழுபடும். மற்றது ரூபியா, நெருக்கமான நெசவு, மடிப்பு கத்தி முனைபோல் விழும், ஆனால் இழுவை குறைவு. வெள்ளைத் துணியை வாங்கி, சட்டைக்கு ஏற்ற நிறத்தில் சாயம் தோய்த்துத் தரும் லலாரிகள் இன்றும் அங்குள்ள கடைத்தெருக்களில் உண்டு.

ஒரு கட்டை முழுசாகப் பார்ப்போம். ஒரு மீட்டர் அகலமும் ஆறு மீட்டர் நீளமும் உள்ள வாயில் துணியை நடுவில் வெட்டி, இரு துண்டுகளையும் நீள ஓரத்தில் சேர்த்துத் தைக்கிறார்கள். இப்போது துணி மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம். இதன் மூலைவாட்ட நீளம் ஏறத்தாழ 3.6 மீட்டர். தலையின் சுற்றளவு 56 சென்டிமீட்டர் என்றாலும், சுற்றச் சுற்றப் பருமன் ஏறுவதால் சராசரியாக ஒரு சுற்றுக்கு 70 சென்டிமீட்டர் வைத்துக்கொள்ளலாம். ஆக, ஐந்து சுற்று வரும்.

துணியில் லேசாகத் தண்ணீர் தெளித்து, எதிரெதிர் மூலைகளை இருவர் பிடித்து இழுக்கிறார்கள். இழுத்த இழுப்பிலேயே நீளவாக்கில் மடித்து மடித்து நாலு விரற்கடைக்குச் சற்று அதிகமான அகலத்தில் ஒரு பட்டையாக்குகிறார்கள். இதற்குப் ‘பூணி’ என்று பெயர். வீட்டில் ஆளில்லாவிட்டால் ஒரு முனையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டிக்கொள்வதும் உண்டு. தலைப்பாகையின் அழகில் பாதி இங்கேயே முடிவாகிவிடுகிறது. பூணியில் ஒரு பக்கம் தளர்ந்திருந்தால், தலையில் ஏறியதும் அந்த இடம் சுருக்கம் விழுந்து காட்டிக்கொடுக்கும்.

முடியை மேலே வாரிக் கொண்டையாக முடிந்து, அதன்மேல் ஒரு சிறு துணி கட்டியிருப்பார்கள். பூணியின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு கட்டத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ‘லடு’ என்று பெயர். முதல் லடு ஒரு காதின் மேல் தாழ்ந்து தொடங்கி, நெற்றியில் சாய்வாக ஏறிப் பின்னால் போகும். அடுத்தது எதிர்ப்பக்கத்திலிருந்து சாய்ந்து வரும். இரண்டும் நெற்றியின் நடுவில் குறுக்கிடும் இடத்தில் கூரை முகடுபோல் ஒரு முனை அமையும். பிறகு வருகிற ஒவ்வொரு லடும் முந்தையதற்கு அரை விரல் மேலே ஏற வேண்டும். படிக்கட்டு தெரிவது இந்த அரை விரலில்தான். கடைசி லடை விரித்து உச்சியை மூடி, நுனியைப் பின்னால் செருகுகிறார்கள். பல்லில் கடித்திருந்த முனையை இறக்கி, மேலே இழுத்துச் செருகினால் முடிந்தது. ‘சலாய்’ என்ற மெல்லிய கம்பியால் வெளியே நீட்டும் முடியை உள்ளே தள்ளி, மடிப்புகளை நீவிவிடுகிறார்கள்.

தவறு பெரும்பாலும் முதல் லடிலேயே நடக்கிறது. அது தளர்ந்திருந்தால் மேலே எத்தனை சுற்று இறுக்கினாலும் மொத்தமும் கிளம்பி வரும். கட்டும்போதே தலையை இருபுறமும் ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். எல்லா லடும் ஒரே உயரத்தில் விழுந்தால் படிக்கட்டு மறைந்து, நெற்றியில் ஒரு தடித்த உருளைதான் மிஞ்சும். துணியில் ஈரம் அதிகமானால் காயும்போது இறுகி, மதியத்துக்குள் நெற்றிப் பொட்டில் வலி எடுக்கும். ஈரமே இல்லாவிட்டால் பூணி படியாது.

பாட்டியாலா அரச குடும்பத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘பாட்டியாலா ஷாஹி’ கட்டு பருத்தது. அதன் லடுகள் நேராகவும் சீராகவும் ஓடும். நிஹங்குகள் கட்டும் ‘துமாலா’ முற்றிலும் வேறு. இரண்டு துணிகள் வேண்டும். ஒன்று கொண்டையைச் சுற்றி அடித்தளம் போட, இன்னொன்று அதன்மேல் வட்டமாகச் சுற்றிக்கொண்டே போக. பெரும்பாலும் நீல நிறம். கோபுரமாக உயரும் அந்தக் கட்டில் எஃகுச் சக்கரங்களை மாட்டியிருப்பார்கள். நெற்றி முனை, படிக்கட்டு எல்லாம் இதில் கிடையாது. உயரமும் உறுதியுமே கணக்கு.

இந்த மூலைவாட்டம் கடல் கடந்து இன்னொரு தலைக்கட்டிலும் வேலை செய்கிறது. அந்தத் துணி நம் கடற்கரையிலிருந்து போனது. சோழமண்டலக் கரையில் நெய்த கட்டம்போட்ட பருத்திக் கைக்குட்டைகள் 18ஆம் நூற்றாண்டில் கப்பலேறி கரீபியன் தீவுகளுக்குச் சென்றன. மார்ட்டினிக், குவாதலூப், டொமினிக்கா, செயின்ட் லூசியா எங்கும் இன்றும் அந்தத் துணிக்கு ‘மத்ராஸ்’ என்றே பெயர். மார்ட்டினிக்குக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் 1853இல்தான் போகத் தொடங்கின. அவர்களில் தமிழர் பலர். தமிழர் போவதற்கு வெகுமுன்பே துணி போய்விட்டது.

கைக்குட்டை என்றால் சட்டைப்பையில் வைப்பதல்ல. ஒரு கஜத்துக்கு ஒரு கஜம், அதாவது 91 சென்டிமீட்டர் சதுரம். கறுப்பினப் பெண்கள் அதை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கித் தலையில் கட்டினார்கள். முக்கோணத்தின் நீண்ட பக்கம் 129 சென்டிமீட்டர். தலையைச் சுற்ற 56 போனால் இரு முனையிலும் 36 சென்டிமீட்டருக்குக் குறையாமல் மிஞ்சும். முடிச்சுப் போட்டு, நுனிகளை மேலே நீட்டி நிறுத்த அது போதும். ஆனால் மெல்லிய பருத்தி நுனி நிற்காதே? அதற்கும் வழி கண்டார்கள். கட்டங்களின் வெளிறிய கோடுகள்மேல் மஞ்சள் நிறப்பொடியைக் கருவேலப் பிசினில் குழைத்துத் தூரிகையால் பூசினார்கள். நிறமும் பளிச்சிட்டது, துணியும் விறைத்தது. இதைச் செய்து பிழைத்த கைவினைப் பெண்கள் அத்தீவுகளில் இருந்தார்கள்.

நிமிர்ந்து நிற்கும் நுனிகளின் எண்ணிக்கைக்கு ஒரு பொருள் சொல்வார்கள். ஒன்று என்றால் மனம் காலியாக இருக்கிறது. இரண்டு என்றால் ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது. மூன்று என்றால் மணமானவள். நான்கு என்றால் இன்னும் இடமிருக்கிறதாம்! சுற்றுலாப் பயணிகளிடம் இதைச் சட்டம்போல் விளக்குகிறார்கள். அந்தக் காலத்துப் பெண்கள் அத்தனை கண்டிப்பாகக் கடைப்பிடித்திருப்பார்களா என்பதில் எனக்குச் சந்தேகமே. உண்மையான சட்டம் ஒன்று வேறு இடத்தில் இருந்தது. லூசியானாவின் ஸ்பானிய ஆளுநர் எஸ்தேபான் மிரோ 1786இல், அடிமையல்லாத கறுப்பினப் பெண்களும் கூந்தலைத் துணியால் கட்டி மறைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். வெள்ளைப் பெண்களோடு அவர்கள் அழகில் போட்டியிடுவதைத் தடுப்பது நோக்கம். பெண்கள் பகட்டான துணிகளைத் தேர்ந்து உயர உயரக் கட்டினார்கள். ஆணை தோற்றது.

நைஜீரியாவின் யொருபாப் பெண்கள் திருமணங்களுக்குக் கட்டும் ‘கெலே’யில் கணக்கு தலைகீழாகிறது. இழுபடும் துணி அங்கே உதவாது. காகிதம்போல் மடித்தால் மடிந்தபடி நிற்கும் துணிதான் வேண்டும். குறுகிய பட்டைகளாகக் கைத்தறியில் நெய்து இணைத்த ‘அஷோ ஓக்கே’, அல்லது ஆலையில் நெய்த விறைத்த டமாஸ்க். நீளம் இரண்டு மீட்டருக்குள். ஓரத்தை நம் புடவைக் கொசுவம்போல் அடுக்கிப் புருவத்துக்குச் சற்று மேலே வைத்து, பின்னால் குறுக்கிட்டு இழுத்து, இறுக முடிகிறார்கள். பிறகு மேலே நிற்கும் மடிப்புகளை விரலால் ஒவ்வொன்றாக விரிக்க வேண்டும். முழு உயரமும் இந்த விரிப்பில் வருகிறது. முடிச்சு மிக இறுகினால் விருந்து முடிவதற்குள் தலைவலி வந்துவிடும். தைத்துவைத்து மாட்டும் ‘ஆட்டோ கெலே’ இன்று பரவுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதை நான் தொப்பி என்றுதான் சொல்வேன்.

சகாராவின் துவாரக் ஆண்களுடைய ‘தகெல்முஸ்ட்’ ஐந்து மீட்டர் தாண்டும் மெல்லிய துணி. விசேஷத்துக்கு உரியது நீலச்சாயம் ஏற்றி, பளபளக்கும்வரை அடித்தது. சாயம் தோலில் ஒட்டி நீலமாக்கும். சுற்று தளர்வாக இருக்க வேண்டும், ஏனெனில் முகத்தை மூடும் பகுதியை நாள் முழுக்க ஏற்றி இறக்குவார்கள். பெரியவர்கள் முன்னும் மாமனார் மாமியார் முன்னும் வாயும் மூக்கும் மறையும். நண்பர்களிடையே மோவாய்வரை இறங்கும். அங்கே முகத்தை மூடுவது ஆண்கள், பெண்களல்ல.

வீட்டில் கட்டிப் பார்க்க ஆசையிருந்தால் பாலியெஸ்டர் சேலையை எடுக்காதீர்கள். அது வழுக்கும், எத்தனை முறை சுற்றினாலும் நிற்காது. பலமுறை துவைத்து மிருதுவான நாலு முழ மல் வேட்டி ஒன்று போதும். லேசாகத் தண்ணீர் தெளித்து, மூலைக்கு மூலை இழுத்து மடியுங்கள். மறுமுனையைப் பிடிக்க வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.