582 இலைக்கு ஒரு பில்

கல்யாணச் சாப்பாட்டில் இலைக்கு என்ன விலை என்பதை முதல் நாளே பேசி முடித்துவிடுகிறார்கள். மனக்கசப்பெல்லாம் எத்தனை இலை என்பதில்தான் வருகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முகூர்த்தச் சாப்பாடு, இலைக்கு 320 ரூபாய், குறைந்தபட்சம் 500 இலை. பேசிய அன்று 40,000 ரூபாய் அட்வான்ஸ். கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது பெண்ணின் அப்பா போன் செய்கிறார்: "அண்ணே, இன்னும் ஐம்பது இலை சேர்த்துக்கோங்க." இந்தப் போனோடு குறைந்தபட்சம் 550 ஆகிவிடுகிறது. வாய்ப்பேச்சாக விடாமல், தேதியும் புது எண்ணிக்கையும் போட்டு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிக்கொள்வது நல்லது. மளிகை வாங்கும் சமயத்தில் இன்னும் 80,000 கைமாறுகிறது.

இனி 430 பேர் மட்டும் வந்தாலும் 550 இலைக்குத்தான் பணம். மளிகையும் காய்கறியும் வாங்கியாயிற்று, பரிமாற ஆட்களும் பேசியாயிற்று. கூட்டம் கூடினால் கதை வேறு. சாதத்தை இன்னொரு உலை வைத்து வடித்துவிடலாம், ரசத்தையும் கூட்டிவிடலாம். எண்ணிப் போட்ட ஜாங்கிரியும் வடையும்தான் கடைசிப் பந்தியில் கைவிடும். அதனால் முந்தின நாள் இரவு சொல்லும் கூடுதலுக்கு, "சாப்பாடு உண்டு, இனிப்புக்கு உறுதியில்லை" என்று அப்போதே சொல்லிவிடுகிற கேட்டரர்தான் விவரமானவர்.

அன்று விழுந்தது 582 இலை. இதை எப்படி எண்ணினார்கள்? வந்த இலையில் மிச்சத்தைக் கழித்தால் கிழிந்ததும் சேர்ந்துவிடும். ஒவ்வொரு பந்தியிலும் உட்கார்ந்தவர்களை எண்ணி, பெண் வீட்டார் ஒருவரிடம் நோட்டில் கையெழுத்து வாங்குவதுதான் நிற்கும். மேளக்காரர், போட்டோகிராபர், வேன் டிரைவர் எல்லாம் கணக்கில் உண்டு. கேட்டரரின் சொந்த ஆட்கள் கிடையாது. பார்சலை எப்படி எண்ணுவது என்பதையும் முன்பே பேசவில்லை என்றால் சண்டை நிச்சயம்.

இப்போது பில். 550 இலைக்கு 1,76,000. கூடுதல் 32 இலைக்கு 10,240. இரண்டையும் தனித்தனி வரியாகவே காட்ட வேண்டும், கூட்டினால் 1,86,240. ஜிஎஸ்டி பதிவு உள்ள கேட்டரர் மண்டபத்துக்கு வந்து போடும் சாப்பாட்டுக்குப் பொதுவாக 5 சதவீதம் வரி, அதாவது 9,312. ஆக மொத்தம் 1,95,552. அதில் வாங்கிய 1,20,000 போக, பாக்கி 75,552.

பலர் தடுக்கி விழுவது இந்தக் கடைசிக் கழித்தலில்தான். அட்வான்ஸை முதலில் கழித்துவிட்டு மீதி 66,240-க்கு மட்டும் வரி போட்டால் 3,312 தான் வரும். 6,000 ரூபாய் வரி விட்டுப்போகும். சேவைக்கு வாங்கும் அட்வான்ஸுக்கு, வாங்கிய மாதமே வரிப் பொறுப்பு வந்துவிடுகிறது. அதனால் இரண்டு தவணைக்கும் அன்றன்றே ரசீது கொடுத்து, அந்த ரசீது எண்களை இறுதிப் பில்லில் எழுதிக் கழிக்க வேண்டும். பதிவு இல்லாத சமையல்காரர் பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு வரி இருந்தால், அதைத் தர வேண்டியதில்லை.