அடிக்காத போனும் தூக்கத்தைக் கெடுக்கும்

இரவு 2.40. ஆன்-கால் முறையில் இருக்கும் சப்போர்ட் இன்ஜினியரின் போன் அலறுகிறது. சில நிமிடங்களுக்குள் 'பார்த்துவிட்டேன்' என்று அழுத்தாவிட்டால் அழைப்பு அடுத்தவருக்குப் போய்விடும். லேப்டாப்பைத் திறந்தால், சர்வரின் டிஸ்க் 80 சதவீதம் நிரம்பிவிட்டதாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிஸ்க் 200 ஜிபி. மீதி 40 ஜிபி. மணிக்கு ஒரு ஜிபி வீதம் நிரம்பினால், முழுதாக நிரம்ப இன்னும் 40 மணி நேரம். காலையில் காபி குடித்துவிட்டுப் பார்த்தாலே போதும். 80 என்ற எண்ணை யாரோ எப்போதோ பதிந்து வைத்ததுதான் கோளாறு. 'நான்கு மணி நேரத்தில் நிரம்பும்' என்ற நிலையில் மட்டும் எழுப்பும்படி மாற்றினால் இந்த அழைப்பு வந்திருக்காது.

ஆனால் அழைப்பே வராத இரவிலும் நிம்மதி இல்லை. ஸ்வீடனில் கப்பல் இன்ஜினியர்களின் மூளை அலைகளைப் பதிவுசெய்து 1988இல் வெளியான ஆய்வில், அலாரம் அடிப்பதற்கு முன்பே அவர்களின் தூக்கம் ஆழம் குறைந்திருந்தது. எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம் என்ற எதிர்பார்ப்பே காரணம் என்றார்கள் ஆய்வாளர்கள். மறுநாள் பிள்ளையிடம் எரிந்துவிழுபவர், 'ராத்திரி ஒன்றும் நடக்கவில்லையே' என்று தானே குழம்புவதும் இதனால்தான்.

ஆகவே வாரக் கணக்கில் எத்தனை முறை போன் அடித்தது என்று மட்டும் எண்ணும் மேலாளர் பாதியைத்தான் எண்ணுகிறார். அழைப்பு வராத இரவுகளும் வேலை இரவுகளே. சம்பளமும் மறுநாள் தாமத வருகையும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.