நூறு கோடி எண்கள், ஆறே கால் கோடி பைட்

100 கோடி வரை எத்தனை பகா எண்கள்? சரியாக 5,08,47,534. ஒவ்வொரு எண்ணையும் எடுத்து, எதனாலாவது வகுபடுகிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தால் கணினிக்கே வெகுநேரம் பிடிக்கும். வகுத்தலே செய்யாமல் வெறும் கூட்டலை வைத்து, சாதாரண மடிக்கணினி இதைச் சில விநாடிகளில் சொல்லிவிடும். முறை மிகப் பழையது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்துக்குத் தலைவராக இருந்த எரட்டோஸ்தனிஸின் பெயரால் அதைச் சல்லடை என்கிறார்கள். நமக்கு அது வந்துசேர்ந்தது, கி.பி. 100 வாக்கில் நிக்கோமாக்கஸ் எழுதிய எண்கணித நூல் வழியாக.

எண்களை வரிசையாக எழுதி, 2-இன் மடங்குகளையும், பிறகு 3-இன் மடங்குகளையும் அடிக்க வேண்டும். பிறகு 5, பிறகு 7. அடிபடாமல் மிஞ்சுபவை பகா எண்கள். பள்ளிக்கூடத்தில் 100 வரை போட்டுப் பார்த்திருப்போம். 100 கோடி என்றால் அந்தப் பட்டியலை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்துவிடுகிறது.

எண்ணைச் சேமிக்கத் தேவையே இல்லை என்பதுதான் இதற்கு விடை. வரிசையில் ஓர் இடம் எத்தனையாவது என்று தெரிந்தால், அது எந்த எண்ணுக்கு உரியது என்பதும் தெரிந்துவிடும். அடிபட்டதா இல்லையா என்ற ஒரே தகவலுக்கு ஒரு பிட் போதும். 0 அல்லது 1. இரட்டை எண்களில் 2 தவிர எதுவும் பகா எண் இல்லை, ஆகவே அவற்றுக்கு இடமே ஒதுக்க வேண்டாம். ஓர் எண்ணுக்கு ஒரு பைட் கொடுத்திருந்தால் 100 கோடி பைட் ஆகியிருக்கும். ஒற்றை எண்ணுக்கு ஒரு பிட் என்றால், பைட்டுக்கு எட்டு பிட் வீதம், ஆறே கால் கோடி பைட்டில் முடிந்துவிடுகிறது.

100 வரைக்கும் செய்து பார்ப்போம். ஒற்றை எண்கள் ஐம்பது, எனவே ஐம்பது பிட். 0-ஆம் இடம் 1-க்கு, 1-ஆம் இடம் 3-க்கு, 2-ஆம் இடம் 5-க்கு. எண்ணைப் பாதியாக்கி மீதியை விட்டுவிட்டால் இடம் கிடைக்கும். 7-இன் முறை வரும்போது 49-இலிருந்து தொடங்கினால் போதும். 21-ஐ 3 அடித்துவிட்டது, 35-ஐ 5 அடித்துவிட்டது. 7-இன் சொந்த வேலை அதன் வர்க்கத்திலிருந்துதான். 49-இன் இடம் 24. அதிலிருந்து ஏழு ஏழாகத் தாண்டினால் 24, 31, 38, 45; அதாவது 49, 63, 77, 91. பார்த்தால் பகா எண் போலவே தோன்றும் 91 இங்கே அகப்பட்டுக்கொள்கிறது. அதன் இடமான 45-ஐ எட்டால் வகுத்தால் ஈவு 5, மீதி 5: ஐந்தாம் பைட்டில் ஐந்தாம் பிட். சி மொழியில் அடிக்கும் வேலை முழுவதும் இந்த ஒரு வரிதான்:

```c
a[i >> 3] |= 1 << (i & 7);
```

அடுத்த எண் 11. அதன் வர்க்கம் 121, நம் எல்லைக்கு வெளியே. அத்துடன் வேலை முடிந்தது. 100 கோடிக்கும் இதே கணக்குத்தான்: 31,622 வரையுள்ள பகா எண்களைக் கொண்டு அடித்தால் போதும்.

ஐம்பது பிட்டில் அடிபடாதவை 25. விடையும் 25-தான். ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. 0-ஆம் இடத்திலுள்ள 1 பகா எண் அல்ல, அதை யாரும் அடிக்கவில்லை. பகா எண்ணான 2-க்கோ பட்டியலில் இடமே இல்லை. தப்பு ஒன்று கூடி ஒன்று குறைந்ததால் எண்ணிக்கை சரியாக வந்துவிட்டது. பட்டியலை அச்சடித்தால்தான் 1 தலைகாட்டும். அனுபவசாலிகள் அந்த முதல் இடத்தை 2-க்கென்று வைத்துக்கொள்வார்கள்.

இன்னொரு தப்பு இவ்வளவு சாதுவானது அல்ல. வர்க்கமூலத்தில் நிற்காமல் கடைசி எண் வரை போகும்படி நிரலை எழுதிவிட்டால், அது வீண் சுற்றுதானே என்று தோன்றும். 10,000 வரை சோதித்தால் சரியாகவே ஓடும். லட்சம் வரை போகச் சொன்னால் விழுந்துவிடும். 32 பிட் முழு எண்ணில் அடங்கும் உச்சம் 2,14,74,83,647. 46,340-க்கு மேற்பட்ட எதன் வர்க்கமும் அதில் அடங்காமல், பெரும்பாலும் எதிர்ம எண்ணாகத் திரும்பிவிடும். நிரல் பட்டியலுக்கு முன்னால் இருக்கும், தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் போய் எழுதும்.

பிட் பிட்டாகப் பிரித்தெடுக்கும் வேலை கூடுவதால் வேகம் குறையுமே என்று கேட்கலாம். சிறிய எல்லைக்கு அது உண்மைதான். ஆனால் பெரிய எல்லையில் நேரத்தைத் தின்பது கணக்கு அல்ல, காத்திருப்பு. செயலிக்கு ஒட்டினாற்போல் இருக்கும் அதிவேக நினைவகம் பல கணினிகளில் 32 கிலோபைட் அளவுதான். ஆறே கால் கோடி பைட் நெடுக ஒவ்வொரு பகா எண்ணும் தாவித் தாவி ஓடினால், ஒவ்வொரு தாவலுக்கும் தொலைவிலுள்ள நினைவகம் பதில் சொல்ல வேண்டும். ஆகவே பட்டியலைத் துண்டு போடுகிறார்கள். 32 கிலோபைட்டில் 2,62,144 பிட். அது 5,24,288 எண்களுக்குப் போதும். அந்தத் துண்டில் எல்லாப் பகா எண்களையும் கொண்டு அடித்து முடித்து, மிஞ்சியதை எண்ணிவிட்டு, அதே இடத்தைத் துடைத்து அடுத்த துண்டுக்குப் போகலாம். ஒவ்வொரு பகா எண்ணும் எங்கே விட்டதோ அந்த இடத்தை மட்டும் குறித்து வைத்திருந்தால் போதும். இப்படி 3,400 சொச்சம் குறிப்புகள்தான். எண்ணிக்கை மட்டும் போதும் என்றால், அந்த ஆறே கால் கோடி பைட்டும்கூடத் தேவையில்லை.