கடுகு தாளிக்கலாம், கணக்கில் எழுத வேண்டாம்

ஊட்டச்சத்து அட்டவணையைப் புரட்டுகிறவரைக் கடுகு திடுக்கிட வைக்கும். 100 கிராம் கடுகில் சுமார் 500 கலோரி. அதே எடை அரிசியில் 360தான். கடுகில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய் என்பதே காரணம். சீரகமும் அரிசியை மிஞ்சி 375ஐத் தொடுகிறது.

ஆனால் யாரும் 100 கிராம் கடுகைத் தாளிப்பதில்லை. நாலு பேருக்கு ரசம் வைக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சின்ன எலுமிச்சை அளவு புளி 15 கிராம் இருக்கும். அதில் 36 கலோரி. மிளகும் சீரகமும் மும்மூன்று கிராம், சேர்த்து 19. தாளிக்கும் கடுகு இரண்டு கிராம் என்றால் 10, இரண்டு காய்ந்த மிளகாய்க்கு 3. மொத்தம் 68, ஆளுக்கு 17. புளியை விட்டுவிட்டால் வெறும் 8. இதுவும் தாராளக் கணக்குதான். புளிச்சக்கை பிழிந்து எறியப்படுகிறது, ரசத்தின் மண்டி பாத்திரத்தின் அடியிலேயே தங்கிவிடுகிறது.

அந்தக் கடுகு பொரிந்த நெய்யைப் பாருங்கள். இரண்டு டீஸ்பூன், 10 கிராம், 90 கலோரி. புளி, மிளகு, சீரகம், கடுகு எல்லாம் சேர்ந்து தராததை நெய் ஒன்றே தந்துவிடுகிறது.

சாப்பாட்டைக் கைபேசிச் செயலியில் பதிகிறவர்கள் இங்கேதான் வீணாக மெனக்கெடுகிறார்கள். சீரகம் ஒரு கிராமா ஒன்றரை கிராமா என்று தராசு வைத்துப் பார்த்தால், அந்த அரை கிராம் தரும் வித்தியாசம் 2 கலோரி. தட்டில் சோறு 20 கிராம் கூடினால் 26 கலோரி ஏறும். ஒரு கரண்டியைக் கொஞ்சம் கோபுரமாக எடுத்தாலே அவ்வளவு கூடிவிடும். சோற்றை அளப்பதில் வரும் பிழைக்குள் மசாலா முழுவதும் மறைந்துபோகிறது. அதனால் சோற்றையும் நெய்யையும் நிறுத்துப் போட்டுவிட்டு, அஞ்சறைப்பெட்டியை மூடி வைத்துவிடலாம்.

அமெரிக்காவில் விற்கும் மசாலா புட்டிகளில் கலோரி 0 என்று அச்சிட்டிருப்பதும் இப்படித்தான். ஒரு பரிமாறும் அளவில் 5 கலோரிக்குக் குறைந்தால் பூஜ்யம் என்று போட அங்குள்ள விதி இடம் தருகிறது. அந்த அளவே கால் டீஸ்பூன் என்று வைத்துக்கொண்டால் மிளகும் பூஜ்யம்தான்!

அளவு மாறினால் இந்தச் சலுகை போய்விடும். இட்லிப் பொடியைப் பெயரை வைத்து மசாலாவில் சேர்ப்பவர்கள் உண்டு. அதில் பெரும்பகுதி உளுந்தும் கடலைப்பருப்பும் எள்ளும். தாளிக்கையில் கைநிறைய அள்ளிப் போடும் பருப்பும் அப்படியே. புளிக்காய்ச்சலில் 100 கிராம் புளி கரைத்தால் 240 கலோரி கணக்கில் ஏறும். அதிலும், கெட்டுப்போகாமல் இருக்க மேலே மிதக்கவிடும் 100 மில்லி நல்லெண்ணெயில் 800க்கு மேல் இருக்கிறது.