தானாக நகரும் மடல்களுக்கு ஒரு செயல் பதிவேடு

மின்னஞ்சல் பெட்டியில் வடிகட்டி விதிகளோ சிறு நிரலோ வேலை செய்யும்போது மடல்கள் மனிதக் கண் படாமலே இடம் மாறுகின்றன. விதி தவறாக இருந்தாலும் திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. வரவேண்டிய மடல் வரவில்லை என்று யாரோ தேடும்போதுதான் தவறு தெரியவரும். அதற்குள் அதே விதி பல நாள் ஓடியிருக்கும். எந்த மடலை, எந்த விதி, எங்கிருந்து எங்கே நகர்த்தியது என்று வரிவரியாக எழுதிவைக்கும் செயல் பதிவேடு இருந்தால்தான் அந்த நாட்களுக்குள் திரும்பிப் போக முடியும்.

ஓர் அச்சகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் அஞ்சல் பெட்டியைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நிரல் பார்க்கிறது. ஏழாம் விதி விளம்பர மடல்களை ட்ராஷுக்கு அனுப்புவது. மொத்தமாக அனுப்பப்படும் மடல்களின் தலைப்பகுதியில் பெரும்பாலும் இருக்கும் List-Unsubscribe என்ற வரியைத்தான் அது முதலில் தேடியது. சில விளம்பரங்கள் தப்பிவிடுகின்றன என்று, மடலின் உள்ளே எங்கே Unsubscribe என்ற சொல் இருந்தாலும் பிடிக்கும்படி விதி மாற்றப்படுகிறது. ஒன்பது நாள் கழித்து ஒரு வாடிக்கையாளர், அனுப்பிய ஆர்டருக்குப் பதிலே இல்லை என்று தொலைபேசியில் கேட்கிறார்.

பதிவேட்டில் அவர் மடலுக்கான வரி இப்படி இருக்கும்:

```
2025-03-04T10:20:04+05:30 run=418 rule=R7.v3 act=move
 msgid=<a81f@example.com> from=INBOX to=Trash
 flags_before=\Flagged status=done
```

இதில் மூன்று விவரங்கள் முக்கியமானவை. ஒன்று, விதியின் பெயரோடு அதன் பதிப்பு எண். அது இல்லையென்றால் பழைய விதி சரியாகச் செய்ததையும் புதிய விதி கெடுத்ததையும் பிரிக்க முடியாது. இரண்டாவது, செயலுக்கு முன்பு மடல் இருந்த நிலை. எந்தக் கோப்புறையில் இருந்தது, படிக்கப்பட்டதா, நட்சத்திரக் குறி இருந்ததா என்பது தெரிந்தால்தான் அதே நிலைக்குத் திருப்ப முடியும். மூன்றாவது, மடலின் அடையாளம். அஞ்சல் சர்வர் ஒவ்வொரு மடலுக்கும் தரும் UID எண் ஒரு கோப்புறைக்குள் மட்டுமே செல்லும். மடல் வேறு கோப்புறைக்குப் போனதும் புது எண் வந்துவிடும். அனுப்பும்போதே மடலில் எழுதப்படும் Message-ID எங்கே போனாலும் மாறாது. ஆனால் ஒரே மடலின் இரண்டு பிரதிகளுக்கு ஒரே Message-ID இருக்கலாம். ஆகவே கோப்புறையின் பெயரையும் சேர்த்தே குறிக்க வேண்டும்.

அச்சகத்தில் R7.v3, status=done இரண்டும் உள்ள வரிகளைத் தேடினால் 143 கிடைக்கின்றன என்று கொள்வோம். அவற்றில் List-Unsubscribe தலைப்பு வரி இல்லாதவை 11. பதினொன்றும் வாடிக்கையாளர்களின் கடிதங்கள். காரணமும் அதிலேயே தெரிகிறது: அச்சகம் மாதந்தோறும் அனுப்பும் சலுகை மடலுக்கே அவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள். பதிலின் கீழே பழைய மடல் ஒட்டிக்கொண்டு வந்ததால், அதிலிருந்த Unsubscribe என்ற சொல்லும் கூடவே வந்துவிட்டது.

திருப்புவதற்கு முன் விதியை நிறுத்த வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான். விதி ஓடிக்கொண்டிருந்தால், இன்பாக்ஸுக்குத் திரும்பிய மடலை அடுத்த பத்து நிமிடத்தில் அதே விதி மறுபடியும் ட்ராஷில் போடும். பிறகு ஒவ்வொரு மடலும் பதிவேடு சொல்லும் இடத்தில் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதினொன்றில் இரண்டை ஊழியர் ஒருவர் தாமே கண்டெடுத்து வேறு கோப்புறையில் வைத்திருந்தால் அவற்றைத் தொடக்கூடாது. மனிதர் செய்த முடிவை நிரல் மாற்றுவது இன்னொரு தவறு. ஒரே மடலில் பல விதிகள் வேலை செய்திருந்தால் கடைசிச் செயலிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி அவிழ்க்க வேண்டும். திருப்பிய ஒன்பதும் பதிவேட்டில் புது வரிகளாக ஏற வேண்டும். பழைய வரிகளை அழிப்பதோ திருத்துவதோ கூடாது.

நிரல் பாதியில் நின்றுபோவதும் உண்டு. மடலை நகர்த்திய பிறகுதான் பதிவேட்டில் எழுதுவது என்றால், இரண்டுக்கும் நடுவில் மின்சாரம் போனால் அந்த மடலின் சுவடே இருக்காது. ஆகவே செயலுக்கு முன் status=start என்று ஒரு வரி, முடிந்ததும் status=done என்று இன்னொரு வரி. தொடக்கம் இருந்து முடிவு இல்லாத மடல்களை மட்டும் கையால் சரிபார்த்தால் போதும்.

பதிவேடு மீட்டுத் தராதவையும் உண்டு. தானாகப் போன பதிலையும் வெளியாருக்கு முன்னனுப்பிய மடலையும் திரும்ப வாங்க முடியாது. யாருக்குப் போனது என்று மட்டும் அறியலாம். அத்தகைய மடல்களை நிரல் வரைவாக வைத்துவிட்டு, ஒருவர் பார்த்து அனுப்புவதே சரி. நிரந்தரமாக அழித்த மடலும் அப்படித்தான். ஆகவே விதிகள் அழிக்கக்கூடாது, நகர்த்த மட்டும் வேண்டும். ஜிமெயிலில் ட்ராஷுக்குப் போன மடல் 30 நாளில் நீங்கிவிடும். பதிவேட்டை மாதம் ஒருமுறை புரட்டுபவருக்கு அந்தக் கெடு தப்பிவிடக்கூடும். வாரம் ஒருமுறை, ஒவ்வொரு விதியும் எத்தனை மடல்களைத் தொட்டது என்று எண்ணிப் பார்ப்பது பாதுகாப்பு. விதியைத் திருத்திய மறுநாளே எண்ணிக்கை ஏறினால், அந்த வரிகளை உடனே திறந்து பார்க்க வேண்டும்.

பதிவேட்டுக் கோப்பை அந்த அஞ்சல் பெட்டிக்கு வெளியே வைப்பது அவசியம். உள்ளே வைத்தால் பதிவேடே ஒரு விதியின் கையில் சிக்கலாம். மடலின் உள்ளடக்கத்தை அதில் எழுதக்கூடாது. எழுதினால் வாடிக்கையாளர்களின் கடிதங்களுக்குக் காவலில்லாத இரண்டாவது பிரதி உருவாகிவிடும். மடலைக் கண்டுபிடிக்க Message-ID எண்ணும் கோப்புறையின் பெயரும் போதும்.