வட்டியைக் கேட்டு எழுதுவது எப்படி?

(தொடர் – 9)

கோவை கணபதியில் பம்பு உதிரி பாகங்கள் செய்யும் சிறு பட்டறை அது. 2024 ஏப்ரல் 1 அன்று ஒரு பெரிய நிறுவனத்துக்கு 8 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு போனது. பணம் செப்டம்பர் 17-ல்தான் வந்தது. வட்டி கேட்டு முதலாளி எழுதியிருந்த கடிதத்தில் ‘ஏமாற்று வேலை’, ‘கோர்ட்டில் பார்த்துக்கொள்வோம்’ என்றெல்லாம் இருந்தது. அதை அடித்துவிடலாம். பெரிய கோளாறு கணக்கில்தான். தன் பில்லின் அடியில் அச்சடித்திருந்த 24 சதவீதத்தை, பில் தேதியிலிருந்தே போட்டு, ஏறத்தாழ 89,000 ரூபாய் கேட்டிருந்தார். ‘இந்த விகிதத்துக்கு நாங்கள் எப்போது ஒப்புக்கொண்டோம்?’ என்று அவர்கள் கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

நிற்கிற கணக்கு 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. பர்ச்சேஸ் ஆர்டரில் 90 நாள் என்று போட்டிருந்தாலும், சட்டம் அனுமதிப்பது 45 நாள்தான். சரக்கு இறங்கி 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், இறங்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாள். ஆகவே கெடு மே 16. வட்டி மே 17 முதல். விகிதம், ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. பலர் இங்கே ரெப்போ விகிதத்தைப் போட்டுவிடுகிறார்கள். அந்த மாதங்களில் பேங்க் ரேட் 6.75, எனவே 20.25 சதவீதம். நான்கு மாதத்துக்கு 55,382 ரூபாய். அவர் கேட்டதைவிடக் குறைவுதான். ஆனால் மறுப்பது கடினம். சரக்கு அனுப்பும் முன்பே உத்யம் பதிவு இருந்ததும் நல்லதாயிற்று.

திருத்திய கடிதம்:

“நிதித்துறைத் தலைவர் அவர்களுக்கு, வணக்கம். எங்கள் பில் தொகை 8,00,000 ரூபாய் 17.9.2024 அன்று கிடைத்தது; நன்றி. சரக்கு 1.4.2024 அன்று உங்கள் கிடங்கில் சேர்ந்தது. குறை எதுவும் எழுத்தில் வரவில்லை. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15-ம் பிரிவுப்படி 16.5.2024-க்குள் தொகை வந்திருக்க வேண்டும். 16-ம் பிரிவின்படி தாமதத்துக்கான வட்டி 55,382 ரூபாய். கணக்குத் தாள், டெலிவரி சலான், உத்யம் சான்றிதழ் நகல்கள் இணைப்பில். 31.10.2024-க்குள் அனுப்பிவைக்க வேண்டுகிறோம். கணக்கில் மாறுபாடு தெரிந்தால் சொல்லுங்கள், சரிபார்த்துக்கொள்ளலாம். செலுத்தப்படாத வட்டியை 22-ம் பிரிவின்படி உங்கள் ஆண்டுக் கணக்கறிக்கையில் காட்ட வேண்டியிருக்கும் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறோம்.”

கடிதத்தின் பலம் அந்தக் கடைசி வாக்கியத்தில். அதில் மிரட்டல் இல்லை. ஆனால் ஆடிட்டர் கேட்கப்போகும் கேள்வி இருக்கிறது. பர்ச்சேஸ் பிரிவை விட்டுவிட்டு நிதித்துறைக்கு எழுதியதும் இதனால்தான். வழக்கைத் தீர்க்கும் வசதி மன்றத்தின் பெயரை முதல் கடிதத்தில் இழுக்க வேண்டாம் என்றேன்.

“ஏனுங்க, வட்டி கேட்டா அடுத்த ஆர்டர் வருமுங்களா?” என்றார் முதலாளி. வராமலும் போகலாம். அந்த ஒரே நிறுவனத்தை நம்பி ஓடும் பட்டறை என்றால் அவர் தயங்குவது நியாயம். இவருக்கு வேறு மூன்று பேர் இருந்தார்கள், கையெழுத்துப் போட்டார்.

(அடுத்த இதழில்: பதில் வராதபோது எழுதும் இரண்டாம் கடிதம்)