பட்டை வராத ஜெல்

பிசிஆர் முடிந்து ஜெல்லைப் புறஊதா ஒளியில் பார்த்தால், அளவுகோலாக ஓட்டிய லேடர் பளிச்சென்று தெரிகிறது. மா இலையின் டிஎன்ஏவுக்கான வரிசையில் மட்டும் ஒன்றுமே இல்லை. லேடர் தெரிவதால் ஜெல்லிலும் சாயத்திலும் பழுதில்லை.

அடுத்துப் பார்க்க வேண்டியது, நன்றாக வேலை செய்யும் என்று தெரிந்த டிஎன்ஏவை வைத்து ஓட்டிய பாசிட்டிவ் கண்ட்ரோல். அதே பிரைமரோடு அதில் பட்டை வந்திருந்தால், சந்தேகம் இலை டிஎன்ஏவின் மேல்தான். மா இலையில் பாலிபீனால்களும் பல்சர்க்கரைகளும் அதிகம். அவை டிஎன்ஏவோடு கூடவே வந்து டாக் பாலிமரேஸ் என்சைமை முடக்கிவிடும்.

இங்கே பலர் டிஎன்ஏவைக் கூட்டிப் போடுகிறார்கள். தடுப்புப் பொருளும் சேர்ந்தே கூடும் என்பதால் அது தவறான வழி. மாறாக, 10 மடங்கும் 100 மடங்கும் நீர்த்து ஓட்ட வேண்டும். நீர்த்ததில் பட்டை தெரிந்தால் காரணம் பிடிபட்டது. உறுதிசெய்ய, பாசிட்டிவ் கண்ட்ரோல் குழாயில் இலை டிஎன்ஏ 1 மைக்ரோலிட்டர் சேர்க்கலாம், அதுவும் நின்றுபோகும்.

வேண்டாத பட்டைகள் கூடவே வந்தால், அனீலிங் வெப்பநிலையை 2 டிகிரி வீதம் உயர்த்திப் பார்க்கலாம். பட்டைக்குப் பதில் தீற்றல் வந்தால் டிஎன்ஏ அளவையும் சுற்றுகளையும் குறைக்கலாம். ஆனால் டிஎன்ஏவே போடாத குழாயிலும் பட்டை வந்தால், அந்த ஓட்டத்தின் எந்த முடிவையும் ஏற்காதீர்கள்.